மேடை வாசிப்புப் பிரதி: பெரிய எழுத்து, சிறிய வரி, தெளிவான குறி

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை என்று நம் கடலோரத்தில் எங்கே மேடை போட்டாலும், யாராவது ஒருவர் மைக் முன் நின்று ஒரு வரலாற்றையோ அஞ்சலியையோ தாளைப் பார்த்து வாசிக்கும் இடம் ஒன்று இருக்கும். அவர் பாதியில் தடுமாறினால் பழி அவர்மேல்தான் விழுகிறது. ஆனால் பல நேரம் காரணம் அவர் கையிலுள்ள தாள். புத்தகத்துக்கு அச்சடிப்பதுபோல 12 புள்ளி எழுத்தில், இரண்டு ஓரமும் நேராக, பக்கம் முழுக்க நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் விட்ட இடம் கண்ணில் படாது. மேடை விளக்கு நிறம் மாறினால் குறித்து வைத்த கோடு மறைந்துவிடும். வாடைக்காற்று ஒரு பக்கத்தைத் தூக்கினால் அதோடு முடிந்தது.

தனுஷ்கோடிப் புயல் நினைவு மாலை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மார்கழி மாதம், திறந்தவெளி மேடை. ஐந்து நிமிட வாசிப்பு. அலை ஓசையை ஒலிக்கவிட ஒருவர், விளக்கை மாற்ற ஒருவர். எழுதுபவரிடமிருந்து வரும் பத்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"1964 டிசம்பர் 22ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பயணிகள் ரயில், ஊரை எட்டுவதற்குள் புயலில் பொங்கி எழுந்த கடலுக்கு இரையானது. அதில் சென்றவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதே புயல், 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் இரும்பு கர்டர்களில் பெரும்பகுதியைக் கடலுக்குள் தள்ளியது. பாலம் 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது."

படிப்பதற்கு இதில் குறையில்லை. வாய்விட்டு வாசிக்கத்தான் இது இன்னும் தயாராகவில்லை.

முதல் வேலை எழுத்தைப் பெரிதாக்குவது அல்ல. கண்ணுக்காக எழுதியதை வாய்க்காக மாற்றுவதுதான் முதல் வேலை. "1964" என்ற நான்கு இலக்கத்தைக் கண் ஒரு நொடியில் பிடித்துவிடும். வாய்க்கோ அது "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு" என்ற நீண்ட சொல்வரிசை. இலக்கமாகவே விட்டால் வாசிப்பவர் அந்த இடத்துக்கு வந்து, மனசுக்குள் அதைச் சொல்லாக மாற்றி, பிறகு வாய் திறக்கிறார். அந்த அரை நொடித் தேக்கம் ஒலிபெருக்கியில் அப்படியே கேட்கும். எனவே ஆண்டு, தேதி, தொகை எல்லாவற்றையும் சொல்லும் விதத்திலேயே எழுத்தில் எழுதிவிடுங்கள். "22ஆம் தேதி" என்பதை "இருபத்திரண்டு" என்று சொல்வதா "இருபத்திரண்டாம் தேதி" என்று சொல்வதா என்பதும் தாளிலேயே முடிவாகிவிட வேண்டும்.

அடுத்தது நீளமான வாக்கியம். தமிழில் வினை கடைசியில் வருவதால், "பாம்பனிலிருந்து" என்று தொடங்கியவர் "இரையானது" வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். "புறப்பட்ட", "எழுந்த" போன்ற எச்சங்களை அவிழ்த்து முற்றுவினையாக்கினால் இந்தச் சிக்கல் தீரும். "ஒரு பயணிகள் ரயில் புறப்பட்டது. ஊரை எட்டவில்லை. வழியிலேயே கடல் கொண்டுபோனது." மூன்று வாக்கியம், மூன்று மூச்சு. தகவல் எதுவும் குறையவில்லை.

ஒற்றையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். "தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட" என்பதில் உள்ள "ப்", அடுத்த சொல் ஒட்டி வருவதால் வந்தது. அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே நிறுத்தம் வைத்து வரியை உடைத்துவிட்டு ஒற்றை அப்படியே விட்டால், வாசிப்பவர் "தனுஷ்கோடிக்குப்" என்று உதட்டை மூடிக்கொண்டு நிற்பார். நிறுத்தம் விழும் இடத்தில் ஒற்றை எடுத்துவிடுங்கள். இலக்கணம் தெரிந்தவர் பார்த்தால் பிழை என்பார். இது அச்சுக்குப் போகும் பிரதி இல்லை, ஓசைக்கான பிரதி என்று சொல்லிவிடலாம். அதேபோல "சென்றவர்களெல்லாம்" என்று சேர்ந்து நிற்பதை "சென்றவர்கள் எல்லாம்" என்று பிரித்துவிட்டால் கண்ணுக்குச் சுமை குறையும்.

இனி வரி. மேடைப் பிரதியில் ஒரு வரி என்பது ஒரே பார்வையில் அள்ளக்கூடிய அளவு. தமிழில் அது மூன்று முதல் ஐந்து சொல். தாளின் அகலம் எங்கே முடிகிறதோ அங்கே வரியை முடிக்கக் கூடாது. பொருள் எங்கே முடிகிறதோ அங்கே முடிக்க வேண்டும். அதனால் சில வரிகளில் இரண்டே சொல்தான் இருக்கும், வலது ஓரம் ஏறி இறங்கிக் கோணல்மாணலாகத் தெரியும். அந்தக் கோணல்தான் வேண்டும். தலை நிமிர்ந்து திரும்பும் கண், "அந்தக் குட்டை வரிக்குக் கீழே இருந்தேன்" என்று வடிவத்தை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கும். எல்லா வரியும் ஒரே நீளத்தில் இருந்தால் அந்த அடையாளம் கிடைக்காது.

எங்கே உடைக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். பெயரெச்சத்தை அது தழுவும் பெயரிலிருந்து பிரிக்காதீர்கள். வரி "திறக்கப்பட்ட" என்று முடிந்தால், அடுத்த வரியில் "பாலம்" வரப்போகிறது என்று தெரியாமல் குரல் அங்கேயே தாழ்ந்துவிடும். எண்ணையும் அது எண்ணும் பொருளையும் பிரிக்கக் கூடாது. "நாற்பத்தாறு நாட்களில்" ஒரே வரி. எல்லாவற்றையும்விட ஆபத்தானது எதிர்மறை. "இந்த நேரத்தில் கடலுக்குப் போக" என்று ஒரு வரி முடிந்து, "வேண்டாம்" அடுத்த வரிக்குப் போனால், வாசிப்பவர் "போக" என்றதும் நிமிர்ந்து ஒரு நொடி நிற்பார். கேட்கிறவர்களுக்கு அந்த ஒரு நொடி தலைகீழான செய்தி. வானிலை எச்சரிக்கை, மீன்பிடித் தடைக்கால அறிவிப்பு போன்றவற்றை வாசிக்கும்போது இதை இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். வேண்டாம், கூடாது, இல்லை, முடியாது ஆகிய நான்கும் தம் வினையோடு ஒரே வரியில் நிற்கட்டும்.

மேலே தந்த பத்தியின் முதல் பாதி இப்படி மாறுகிறது. இது பிரதியின் இரண்டாம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

```
                                     2 / 10

             ஆயிரத்துத் தொள்ளாயிரத்து
             அறுபத்து நான்கு. /
             டிசம்பர் இருபத்திரண்டு. //

             நள்ளிரவுக்குச் சற்று முன் /
ஒலி 3 தயார்   பாம்பனிலிருந்து
             தனுஷ்கோடிக்கு /
             ஒரு பயணிகள் ரயில்
[ஒலி 3]       புறப்பட்டது. ///

             ஊரை எட்டவில்லை. //
             வழியிலேயே /
             கடல் கொண்டுபோனது. //
```

இதைத் தட்டச்சு செய்யும்போது இரண்டு விதமான வரிமாற்றம் தேவைப்படும். ஒரே மூச்சுத் தொகுதிக்குள் வரி மாற `Shift + Enter`. அடுத்த தொகுதிக்கு வெறும் `Enter`. இப்படிச் செய்தால் வேர்டு அந்தத் தொகுதி முழுவதையும் ஒரே பத்தியாக எடுத்துக்கொள்ளும். பிறகு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, பத்தி அமைப்பில் `Keep lines together` என்பதை இயக்கிவிட்டால், பக்கத்தின் அடியில் இடம் போதாத தொகுதி பாதியாக வெட்டுப்படாமல் மொத்தமாக அடுத்த பக்கத்துக்கு இறங்கும். ஒரு வாக்கியம் பாதியில் நின்று, பக்கம் புரட்டி, மீதி வாசிக்கும் அவலம் இதோடு ஒழியும். தொகுதிகளுக்கு நடுவே 18 புள்ளி இடைவெளி கொடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: இரண்டு ஓரமும் நேராக்கும் அமைப்பு இருந்தால், `Shift + Enter` போட்ட குட்டை வரிகள் சொல்லுக்குச் சொல் அகன்று இழுபடும். அதனால் முதலில் `Ctrl + L` அழுத்தி இடது ஓரத்துக்கு மட்டும் நேராக்கிவிடுங்கள்.

எழுத்தின் அளவு 20 முதல் 24 புள்ளி. நாங்கள் பரிந்துரைப்பது 22. 28ஐத் தாண்டினால் பயன் குறைகிறது. "சீரமைக்கப்பட்டிருக்கின்றன" போன்ற சொல் தனியாக ஒரு வரியைத் தின்றுவிடும், பக்கம் புரட்டும் வேலையும் அதிகமாகும். சரியான அளவு எது என்று கணினித் திரையைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. ஒரு பக்கத்தை அச்செடுத்து, வாசிப்பு மேசையில் வைத்து, மேடையில் அணியப்போகும் அதே மூக்குக்கண்ணாடியோடு நிமிர்ந்து நின்று பார்க்க வேண்டும். இரண்டு பார்வைக் கண்ணாடி போடுபவர்களுக்கு இது கட்டாயம். அதன் கீழ்ப்பாதி கையில் பிடித்த புத்தகத் தூரத்துக்கு அளவெடுத்தது. மேசையில் உள்ள தாளோ அதைவிடத் தள்ளி இருக்கிறது. அதனால் வீட்டில் தெளிவாகத் தெரிந்தது மேடையில் மங்கும், வாசிப்பவர் கழுத்தை முன்னுக்கு நீட்டுவார், வாய் மைக்கிலிருந்து விலகிப்போகும்.

வரிக்கு வரி இடைவெளி 1.5 மடங்கு. பத்தி அமைப்பில் `Multiple` என்பதைத் தேர்ந்தெடுத்து 1.5 என்று கொடுங்கள். `Exactly` என்பதைத் தேர்ந்தெடுத்துச் சிறிய எண்ணைக் கொடுத்தால், மேலே ஏறும் "கி", "கீ" வளைவுகளும் மெய்யெழுத்தின் புள்ளிகளும் வெட்டுப்படும். தமிழில் புள்ளி போனால் எழுத்தே மாறிவிடுகிறது. "கடல்" என்பது "கடல" ஆகும். இதே காரணத்தால் நகலின் நகலை மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் முதலில் மங்குவது புள்ளிதான். எத்தனை பிரதி தேவையோ அத்தனையையும் மூலக் கோப்பிலிருந்தே அச்செடுங்கள்.

எழுத்துரு, கோட்டின் தடிமன் எங்கும் ஒரே சீராக உள்ளதாக இருக்கட்டும். நிர்மலா, நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டுமே போதும். தடித்த கோடும் மெல்லிய கோடும் மாறி மாறி வரும் அலங்கார எழுத்துருக்களில், மங்கிய வெளிச்சத்தில் மெல்லிய பாகம் காணாமல் போகும். முழுப் பிரதியையும் தடித்த எழுத்தில் போடுவதும் உதவாது. "ணை", "ஞ", "ழு" ஆகியவற்றின் உள்வளைவுகள் அடைத்துக்கொள்ளும். அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லை மட்டும், ஒரு தொகுதிக்கு ஒன்று என்ற கணக்கில் தடித்ததாக்குங்கள். அடிக்கோடு வேண்டாம். "ரு", "ழ" போன்றவற்றின் கீழ்ச்சுழியை அது வெட்டிக்கொண்டு போகும்.

பலரைக் குழப்பும் ஒரு சங்கதி உண்டு. அளவை 22 என்று மாற்றிய பிறகும் தமிழ் எழுத்து சிறியதாகவே இருக்கும், இலக்கங்கள் மட்டும் பெரிதாகும். வேர்டிலும் லிப்ரே ஆபீசிலும் தமிழுக்கான அளவு தனிப் பெட்டியில் இருப்பதுதான் காரணம். வேர்டின் எழுத்துரு உரையாடல் பெட்டியில் அதன் பெயர் `Complex scripts`, லிப்ரே ஆபீசில் `CTL`. இரண்டு பெட்டியிலும் ஒரே அளவைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

பக்கத்தில் மேல் ஓரம் 2 செ.மீ., இடது ஓரம் 5 செ.மீ., வலது ஓரம் 2 செ.மீ. கீழே தாளின் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 10 செ.மீ. அளவுக்குக் காலியாக விடுங்கள். தாள் வீணாகிறது என்று அச்சகத்தில் சொல்வார்கள், காதில் வாங்க வேண்டாம். வாசிப்பவர் தாளின் அடிவரைக்கும் வாசிக்கப் போனால் முகவாய் நெஞ்சைத் தொடும், தொண்டை இறுகும், கூட்டத்துக்கு அவர் உச்சந்தலைதான் தெரியும். இந்த அளவில் ஒரு பக்கத்துக்குப் பத்து முதல் பன்னிரண்டு வரி கொள்ளும். வாசிக்க ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்துக்குப் பத்துப் பக்கம் என்று தொடங்கி, வாய்விட்டு வாசித்து நேரம் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். பக்க எண் மேலே வலப்பக்கம், அதே 22 புள்ளியில், "2 / 10" என்று மொத்தத்தோடு இருக்கட்டும். தாள்கள் கீழே விழுந்தால் வரிசைப்படுத்தவும், ஒன்று குறைந்தால் கண்டுபிடிக்கவும் அந்த மொத்தம்தான் கைகொடுக்கும்.

கடைக்குக் கொடுக்கும்போது வேர்டு கோப்பைக் கொடுக்காமல் பி.டி.எஃப். ஆக்கிக் கொடுங்கள். கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் வேறு ஒன்று வந்து உட்காரும், நீங்கள் பார்த்துப் பார்த்து உடைத்த வரியெல்லாம் இடம் மாறிவிடும். மூன்று விஷயத்தை வாய்விட்டே சொல்லிவிடுங்கள்: ஒரு பக்கம் மட்டும், சுருக்காமல் முழு அளவில், லேசர் அச்சில். மை தெளிக்கும் இங்க்ஜெட் அச்சு மார்கழித் தூறலிலும் கடலோர ஈரத்திலும் பரவிவிடும். லேசரில் பொடி சூட்டில் உருகித் தாளோடு ஒட்டுவதால் ஒரு துளி பட்டாலும் நிற்கும். தாள் 100 ஜிஎஸ்எம், பளபளப்பு இல்லாதது. சாதாரண நகல் தாள் மெலிது. காற்றில் படபடக்கும், பின்னால் உள்ள பக்கத்தின் எழுத்தும் நிழலாடும். நனையாமல் இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறைக்குள் போடுவது பெரிய தொல்லை. விளக்கு அதில் பட்டுப் பளிச்சிடும், அந்த இடத்து எழுத்தே தெரியாது. புரட்டும்போது எழும் சலசலப்பை மைக் பிடித்துக் கூட்டம் முழுக்கப் பரப்பும்.

இப்போது குறிகள். ஆர்வக்கோளாறில் குறியைக் கண்டபடி போட்டுவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. வாசிப்பவருக்கு மூன்று குறி போதும். ஒரு சாய்கோடு என்றால் அரை மூச்சு, கண் தாளிலேயே இருக்கும். இரண்டு சாய்கோடு என்றால் முழு நிறுத்தம், நிமிர்ந்து கூட்டத்தைப் பார்க்கலாம். மூன்று சாய்கோடு என்றால் ஒலியோ விளக்கோ வந்து முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. இரண்டு சாய்கோடு விழும் வரி குட்டையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். "ஊரை எட்டவில்லை" என்ற இரண்டு சொல்லைக் கண்ணால் எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்தே சொல்லிவிட முடியும். ஐந்து சொல் இருந்தால் பாதியில் மறுபடி குனிய வேண்டிவரும்.

நிறத்தை நம்பிக் குறி போடாதீர்கள். சிவப்பு விளக்கின் கீழ் வெள்ளைத் தாளும் சிவப்பாகத்தான் தெரியும், சிவப்பு மையும் சிவப்பாகத்தான் தெரியும். இரண்டுக்கும் வேறுபாடு இல்லாததால் குறி மறைந்துவிடும். கடல் காட்சிக்கு நீல விளக்கு போட்டால் நீல மைக்கும் இதே கதி. மஞ்சள் ஹைலைட்டர் பூச்சு, மஞ்சள் வெளிச்சத்தில் இருந்த இடம் தெரியாது. ஆகவே எல்லாக் குறியும் கறுப்பு. ஒன்றையொன்று பிரித்துக் காட்டுவது வடிவம்தான்: ஒலிக்குச் சதுரக் கட்டம், ஒளிக்கு வட்டம். கையால் எழுதுவதென்றால் பால்பாயிண்ட் அல்லது கறுப்பு நிரந்தர மார்க்கர். ஜெல் பேனா ஈரக்கையில் தேயும்.

ஒலி, ஒளிக் குறிகள் இடது ஓரத்தில் உள்ள 5 செ.மீ. இடத்தில் மட்டும் வர வேண்டும். ரிங் பைலுக்காகத் துளை போட்டால் ஒன்றரை செ.மீ. போய்விடும், மீதி மூன்றரை செ.மீ. ஓர் எண்ணும் கட்டமும் எழுதத் தாராளம். வரிகளுக்கு நடுவே குறியைத் திணித்தால் வாசிப்பவர் "ஒலி மூன்று" என்று அதையும் சேர்த்தே வாசித்துவிடுவார். இது பல மேடைகளில் நடப்பதுதான்.

ஒவ்வொரு குறிக்கும் இரண்டு நிலை உண்டு. "தயார்" என்பது மூன்று வரிக்கு முன்னால். ஒலிக்காரர் கையை விசைமேல் கொண்டுபோக நான்கைந்து நொடி அதில் கிடைக்கும். அடுத்தது, கட்டம் போட்ட எண், எந்தச் சொல் காதில் விழுந்ததும் ஒலி வர வேண்டுமோ அந்தச் சொல்லுக்கு நேரே. இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். "கடல்" என்பதைக் குறிச்சொல்லாக வைத்தால், நான்கு வரிக்குள் மூன்று முறை கடல் வரும், ஒலிக்காரர் முதல் கடலுக்கே அலையை விட்டுவிடுவார். மேலே உள்ள பக்கத்தில் குறிச்சொல் "புறப்பட்டது". அதற்கு முன்னால் எங்காவது "புறப்பட்டபோது" என்று ஒரு சொல் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். "புறப்பட்ட" என்ற ஓசை வரைக்கும் இரண்டும் ஒன்றுதான், விசைமேல் தயாராக இருக்கும் விரல் விகுதிக்காகக் காத்திருக்காது. ஒத்திகையில் இதைப் பேசி முடித்துவிடலாம்.

"அண்ணே, மூணாவது ஒலி ரயில்ங்கிற சொல்லுக்கா, புறப்பட்டதுங்கிற சொல்லுக்கா?"

"புறப்பட்டதுன்னு முடிச்சு நான் தலையை நிமிர்த்துவேன் தம்பி. அப்ப விடு. அலை முழுசா எழும்பி அடங்குற வரைக்கும் நான் பேச மாட்டேன்."

இந்த உடன்பாடு இரண்டு பேர் தாளிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒலிக்காரரிடம் தனிப் பட்டியல் மட்டும் கொடுத்தால், வாசிப்பு எந்த இடத்தில் போகிறது என்று அவருக்குத் தெரியாது. அதே கோப்பிலிருந்து எடுத்த, அதே பக்க எண் கொண்ட முழுப் பிரதியை அவருக்கும் விளக்குக்காரருக்கும் கொடுங்கள். ஒலிக்காரர் கைப்பேசியிலிருந்து புளூடூத் வழியாக ஒலியை அனுப்பினால், விசையைத் தொட்ட பிறகு ஓசை வரச் சற்றுத் தாமதமாகும். குறிச்சொல்லுக்குச் சரியாக வர வேண்டிய ஒலிக்குக் கம்பிதான் நம்பகம்.

விளக்கை அணைக்கும் குறி வரும் இடத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. "அதில் சென்றவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை" என்பதை இருட்டில் சொன்னால் நன்றாக இருக்கும் என்று இயக்குபவருக்குத் தோன்றும். இருட்டில் தாள் தெரியாது. இருட்டில் வரும் வரிகள் இரண்டுக்குள் இருக்க வேண்டும், அவை மனப்பாடமாக வேண்டும். அந்த வரிகளைச் சுற்றிப் பிரதியில் ஒரு பெரிய கட்டம் போட்டுவைத்தால், இவை மனப்பாட வரி என்று முன்கூட்டியே கண்ணுக்குத் தெரியும். மேசையில் கிளிப் விளக்கு வைத்துக்கொள்வதும் நல்லதுதான். வெளிச்சம் தாளில் மட்டும் விழும்படி அதைச் சாய்த்து, பக்கங்களைப் பழுப்புத் தாளால் மறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கீழிருந்து முகத்தில் வெளிச்சம் பட்டு, இருட்டுக் காட்சியே கெட்டுப்போகும்.

உள்ளரங்கில் வாசிப்பவர்கள் தாள்களைக் கோக்காமல் அடுக்கி, வாசித்த பக்கத்தை இடப்பக்கம் நகர்த்திக்கொண்டே போவார்கள். சத்தமே வராது, அடுத்த பக்கமும் முன்கூட்டித் தெரியும். அது சிறந்த முறைதான், ஆனால் நம் கடற்கரையில் அது நடக்காது. இங்கே ரிங் பைல்தான். திருப்பிய பக்கங்கள்மேல் அகலமான ரப்பர் பட்டை ஒன்று, பைலின் அட்டையை மேசையோடு பிடிக்க இரண்டு கிளிப். பைலில் தாளின் வலது ஓரம்தான் பிடியில்லாமல் இருக்கிறது. காற்று வலப்பக்கத்திலிருந்து வந்தால் அந்த ஓரத்துக்குள் புகுந்து பக்கத்தைத் தானே புரட்டும். இடப்பக்கத்திலிருந்து வந்தால் தாளைப் படியவைக்கும். ஆகவே மேடை போட்டதும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, மேசையைத் திருப்பிவையுங்கள். டிசம்பரில் வாடை, ஆனி ஆடியில் கச்சான் என்று திசை மாறும் என்பதால், போன நிகழ்ச்சிக்கு வைத்த இடம் இந்த நிகழ்ச்சிக்குச் சரியாக இருக்காது. மைக்குக்குப் பஞ்சு உறை மறக்க வேண்டாம்.

பக்கம் புரட்டும் சத்தத்தை மறைக்க ஒரு வழி உண்டு. மூன்று சாய்கோட்டுக் குறிகள் முடிந்தவரை பக்கத்தின் கடைசியில் விழும்படி தொகுதிகளை அமையுங்கள். அலை ஓசை எழும்பும்போது பக்கத்தைப் புரட்டினால் அது யார் காதிலும் விழாது. மேலே காட்டிய பக்கத்தில் அந்தக் குறி நடுவில் இருக்கிறது. "ஊரை எட்டவில்லை" என்ற தொகுதியை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டால் "புறப்பட்டது" பக்கத்தின் கடைசிச் சொல்லாகிவிடும், அலையும் புரட்டலும் ஒன்றாக முடியும். அந்தப் பக்கத்தில் எட்டு வரிதான் மிஞ்சும், அதனால் ஒன்றும் குறையவில்லை. ஒவ்வொரு தாளின் வலது கீழ் மூலையையும் சற்று மேல்நோக்கி மடித்துவைத்தால், ஈரக்கையில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வராது.

ஒத்திகையில் முதல் தடவை எந்தக் குறியும் இல்லாமல் வாசிக்கவிட்டு, வேறொருவர் பக்கத்தில் நின்று கேட்கட்டும். வாசிப்பவர் எங்கே தானாக மூச்சு எடுக்கிறார், எங்கே சொல் இடறுகிறது என்று பென்சிலால் குறிக்கட்டும். இடறும் இடத்தில் சாய்கோட்டைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அங்கே வரி தவறான இடத்தில் உடைந்திருக்கும், அல்லது வாக்கியமே நீளமாக இருக்கும். கோப்பில் திருத்தி அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி அச்செடுங்கள். இரண்டாவது தடவை ஒலி, ஒளியோடு வாசியுங்கள். மூன்றாவது தடவை, மாலையில் அதே மேடையில், அதே விளக்கில்.

கடைசி நேரத்தில் யாராவது வந்து ஒரு பெயரையோ வாக்கியத்தையோ சேர்க்கச் சொல்வது நடக்கத்தான் செய்யும். அப்போது குறிகளின் எண்களை மாற்றாதீர்கள். ஒலி 3க்கும் 4க்கும் நடுவே புதிதாக ஒன்று வந்தால் அது "3அ". எண்களை மாற்றினால் மூன்று பேர் தாளிலும் மாற்ற வேண்டும், யாராவது ஒருவர் தாளில் பழைய எண் தங்கிவிடும். புதிய பக்கம் வந்தால் "5" க்கு அடுத்து "5அ". பழைய பக்கத்தைக் கிழித்து எடுத்த பிறகே புதியதைக் கோக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிறிய எழுத்தில் அச்செடுத்த தேதியும் நேரமும் இருந்தால், மூன்று பைலும் ஒன்றுதானா என்று மேடை ஏறுமுன் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். உபரிப் பிரதி ஒன்று மேடை ஓரத்தில் நிற்பவர் கையில், அதுவும் ரிங் பைலில், அதே குறிகளோடு இருக்கட்டும்.